வெயிலுக்கு ஒரு சோல், மழைக்கு ஒரு ஸ்டட்: ஸ்ரீபெரும்புதூர் மைதானங்களில் எந்த ஷூ போட்டு ஆடணும்?

செப்டம்பர் வரைக்கும் ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்து மைதானங்களில் ஓடினால் தார் ரோட்டில் ஓடுவது போலத்தான் இருக்கும். கால் வைக்கும்போது டக் டக் என்று சத்தமே வரும். வடகிழக்குப் பருவமழை இறங்கி ரெண்டு வாரம் ஆனால் போதும், அதே தரை ஆளை வழுக்கி விடுகிறது. ஷிஃப்ட் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட் ஆட வரும் கம்பெனி டீம் பசங்களுக்கு இது நல்லாவே தெரியும். தரை மாறிப் போச்சு, காலில் இருக்கும் ஷூ மட்டும் மாறவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள மாவட்டங்கள் இப்போது ஸ்போர்ட்ஸ் ஷூ தயாரிப்புக்கு உலக அளவில் பெயர் வாங்கிக்கொண்டிருக்கின்றன. காஞ்சிபுரத்தைத் தாண்டிப் போனால் செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக்கி நிறுவனத்துக்காக ஷூ தயாரிக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் இன்னொரு தைவான் நிறுவனமான ஹாங் ஃபூ, 1,500 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை அமைக்க 2024-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. காலணித் தொழிலுக்கென்றே தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையும் வெளியிட்டது. ஆனால் பக்கத்துத் தெருவில் ஃபுட்பால் ஷூ வாங்கப் போகும் பையனிடம், "நீ ஆடுற தரை எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்கும் கடைகள் குறைவுதான். டிவியில் பார்த்த கலர் இருக்கா, சைஸ் இருக்கா, அதோடு முடிந்தது.

தப்பான சோல் என்றால் வழுக்கி விழுவது மட்டும்தானா பிரச்னை? இல்லை. விழுந்தால் எழுந்துவிடலாம். விழாமல் பிடித்துக்கொண்டால்தான் முழங்கால் போகும். அது எப்படி என்று பார்ப்போம்.

பெட்டி மேல இருக்கற ரெண்டு எழுத்து

ஃபுட்பால் ஷூ பெட்டியின் ஓரத்தில், இல்லையென்றால் ஆப்பில் பெயருக்குப் பின்னால், ரெண்டு எழுத்து இருக்கும். எஸ்ஜி என்றால் ஈரமான, மெத்தென்ற புல்தரைக்கானது. (கிரிக்கெட் பேட் செய்யும் எஸ்ஜி கம்பெனி வேற, குழப்பிக்காதீங்க.) இதில் பெரும்பாலும் ஆறு ஸ்டட், முன்னால் நாலு, குதிகாலில் ரெண்டு. திருகிக் கழற்றி மாட்டலாம். முனை உலோகமாக இருக்கும், நீளம் கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர்.

எஃப்ஜி என்றால் உறுதியான புல்தரைக்கு. சோலோடு சேர்த்தே வார்த்த பிளாஸ்டிக் ஸ்டட்கள், பத்துக்கு மேல் இருக்கும், நீளம் கொஞ்சம் குறைவு. கடைகளில் அதிகம் விற்பது இதுதான். ஏஜி என்பது செயற்கைப் புல்லுக்கு. இன்னும் நிறைய, இன்னும் குட்டையான ஸ்டட்கள். கடைசியாக டிஎஃப். சோல் முழுக்க சின்னச் சின்ன ரப்பர் மொட்டுகள் டஜன் கணக்கில் இருக்கும். பார்க்க ஸ்டைலாக இருக்காது. ஆனால் நம்ம ஊர் காய்ந்த தரைக்கு இதுதான் கைகொடுக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எஃப்ஜி-யில் சொல்லும் "உறுதியான தரை" என்பது ஐரோப்பாவில் தண்ணீர் பாய்ச்சி, புல் வெட்டிப் பராமரிக்கிற மைதானம். அங்கே கோடையிலும் ஸ்டட் மண்ணுக்குள் இறங்கும். மே மாதத்தில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் நம்ம ஏரித் தரையை நினைத்து யாரும் அந்த ரெண்டு எழுத்தை அச்சடிக்கவில்லை.

60 கிலோ ஆள், ஆறு ஸ்டட்: ஒரு சின்னக் கணக்கு

ஸ்டட் என்பது மண்ணுக்குள் இறங்குவதற்காகச் செய்த பொருள். இறங்கினால்தான் அதற்கு வேலை. இறங்காவிட்டால் என்ன ஆகும்?

60 கிலோ எடையுள்ள ஒருவர் எஸ்ஜி ஷூ போட்டு ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்டட்டின் முனை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டம். அதன் பரப்பு சுமார் 0.8 சதுர சென்டிமீட்டர். ஆறுக்கும் சேர்த்து ஏறக்குறைய 5 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 12 கிலோ பாரம். அதே ஆள் தட்டையான ரப்பர் சோல் போட்டு, 100 சதுர சென்டிமீட்டர் தரையில் பட நின்றால் 0.6 கிலோதான். இருபது மடங்கு வித்தியாசம். இது சும்மா நிற்கும்போது. ஓடும்போது காலில் விழும் பாரம் உடல் எடையைப் போல ரெண்டரை மடங்கு வரை போகும்.

ஈரத் தரையில் இந்த 12 கிலோ நல்லதுக்குத்தான். மண் விலகிக் கொடுக்கும், ஸ்டட் முழுசாக இறங்கும், சோல் புல்லின் மேல் படியும். அதோடு பாரம் கால் முழுக்கப் பரவிவிடும். வறண்ட தரையில் மண் விலகாது. ஆறு முனை மேலேயே ஆள் நிற்க வேண்டியதுதான். அந்த அழுத்தம் திரும்பி மேலே, பாதத்துக்குத்தான் வரும்.

எனக்கு இது காலேஜில்தான் தெரிந்தது. செகண்ட் ஹேண்டில் கிடைத்தது என்று நீளமான ஸ்டட் வைத்த ஷூ ஒன்றை வாங்கினேன். காய்ந்த மைதானத்தில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுக் கழற்றிப் பார்த்தால், உள்ளங்காலில் ஸ்டட் இருந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகச் சிவந்திருந்தது. புது ஷூ, பழகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அந்தச் சிவந்த வட்டங்களே போதுமான எச்சரிக்கை. ஷூ பழகாதது அதற்குக் காரணம் இல்லை, தரைக்கு அந்த சோல் ஒத்துவரவில்லை.

சின்னப் பசங்க விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எட்டு வயதிலிருந்து பதினாலு வயது வரை குதிகால் எலும்பில் வளர்ச்சித் தட்டு இன்னும் முழுசாக இறுகியிருக்காது. கெட்டியான தரையில், ஸ்டட் வைத்த ஷூவில் திரும்பத் திரும்ப ஓடும்போது அங்கேதான் வலி வரும். ஆடி முடித்ததும் நொண்டுகிறான், குதிகாலின் ரெண்டு பக்கமும் அழுத்தினால் கத்துகிறான் என்றால் தைலம் தேய்த்துவிட்டு அடுத்த நாளே கிரவுண்டுக்கு அனுப்பாதீங்க. எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு, ஷூவையும் மாற்றிப் பாருங்க.

1954: மழையில் ஜெயித்த ஸ்டட்

நீளமான ஸ்டட் வேஸ்ட் என்று சொல்ல வரவில்லை. சரியான தரை கிடைத்தால் அது என்ன செய்யும் என்பதற்கு ஃபுட்பால் உலகமே சொல்லும் கதை ஒன்று இருக்கிறது.

1954 ஜூலை 4, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. ஒரு பக்கம் நாலு வருஷமாகத் தோல்வியே பார்க்காத ஹங்கேரி. இன்னொரு பக்கம் மேற்கு ஜெர்மனி, அதே தொடரின் முதல் சுற்றில் ஹங்கேரியிடம் 8-3 என்று உதை வாங்கிய அணி. அன்றைக்கு மழை விடாமல் பெய்தது. எட்டே நிமிஷத்தில் ஹங்கேரி ரெண்டு கோல் போட்டுவிட்டது.

ஜெர்மனி அணியோடு கூடவே வந்திருந்தார் அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர். அவர் கொடுத்த ஷூவில் ஸ்டட்டைத் திருகி மாற்றலாம். தரை சேறானதும் நீளமானதை மாட்டினார்கள். அந்தக் காலத்துப் பல ஷூக்களில் தோல் ஸ்டட்டை ஆணியால் அடித்திருப்பார்கள், ஆட்டத்துக்கு நடுவில் நீளத்தை மாற்ற வழியில்லை. பதினெட்டாவது நிமிஷத்துக்குள் ஜெர்மனி 2-2 ஆக்கியது. 84-வது நிமிஷத்தில் ஹெல்முட் ரான் அடித்த கோலில் 3-2 என்று கோப்பையைத் தூக்கியது.

ஸ்டட் மட்டுமே ஜெயித்துக் கொடுத்தது என்று சொன்னால் அது விளம்பரம். ஹங்கேரியின் புஷ்காஷ் கணுக்கால் காயத்தோடுதான் ஆடினார். திருகு ஸ்டட்டை முதலில் செய்தது நாங்கள்தான் என்று அடி டாஸ்லரின் அண்ணன் ருடால்ஃப் தொடங்கிய பூமாவும் உரிமை கொண்டாடுகிறது. ஆனாலும் ஈரத் தரையில் பிடிப்பு எப்படி வருகிறது என்பதை அந்த மேட்ச் தெளிவாகக் காட்டியது. ஈரமான புல்லின் மேல் தண்ணீர்ப் படலம் இருக்கும். தட்டை சோல் அந்தப் படலத்தின் மேலேயே மிதந்து வழுக்கும். ஸ்டட் அதைக் கிழித்துக்கொண்டு கீழே வேர் பின்னியிருக்கும் மண்ணைப் பிடிக்கும். ஒரகடத்தில் டயர் ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. டயரில் வெட்டு போடுவதும் தண்ணீருக்கு வழிவிட்டு ரப்பர் ரோட்டைத் தொடுவதற்காகத்தான்.

வெறுங்காலில் ஜெயித்தவர்கள் மழையில் தோற்றது ஏன்?

நம்ம நாட்டிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 1911 ஜூலை 29-ல் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்தி ஐஎஃப்ஏ ஷீல்டை வென்றது. அந்தப் பதினோரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் ஒரே ஒருத்தர்தான். மற்றவர்கள் வெறுங்காலில் ஆடினார்கள்.

கொல்கத்தாவில் காய்ந்த தரையில் வெறுங்கால் வீரர்களைப் பிடிக்கவே முடியாது. பந்து மேல் கட்டுப்பாடு அப்படி. ஆனால் பருவமழை வந்து மைதானம் சேறாகும்போது பூட்ஸ் போட்ட பட்டாளத்து அணிகளின் கை ஓங்கிவிடும். வெறுங்கால் வழுக்கும், தண்ணீரில் ஊறிய தோல் பந்து கல்லு மாதிரி கனக்கும். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங், மழை ஆட்டங்களுக்கு பூட்ஸ் போட்டு ஆடிப் பழகியது அந்த வெற்றிகளுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. காய்ந்த தரையில் பாதம், ஈரத்தில் ஸ்டட். தரையைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது.

பிடிப்பு அதிகமானால் முழங்கால் போகும்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன முழங்கால் விஷயத்துக்கு வருவோம். பொதுவாக எல்லாரும் நினைப்பது என்ன? மழையில் ஆடினால்தான் கால் உடையும், காய்ந்த தரை பாதுகாப்பானது என்று. முழங்கால் தசைநார் விஷயத்தில் இது தலைகீழ்.

ஆஸ்திரேலியாவில், அவர்கள் ஊர் ஃபுட்பாலில் வரும் காயங்களை ஜான் ஆர்ச்சர்ட் என்ற விளையாட்டு மருத்துவரும் அவருடைய குழுவும் ஆராய்ந்தார்கள். முழங்காலுக்கு நடுவில் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்துபோவது, மேட்ச்சுக்கு முந்தைய நாட்களில் மழை குறைவாகவும் வெயில் அதிகமாகவும் இருந்த மைதானங்களில் கூடுதலாக இருந்தது. இதற்கு அவர்கள் சொன்ன காரணம், காய்ந்த தரையில் ஷூவுக்கும் தரைக்கும் இடையே பிடிப்பு கூடிவிடுகிறது என்பது. பாதம் தரையில் பூட்டிக்கொள்ளும், மேல் உடம்பு திரும்பும். நடுவில் மாட்டுவது முழங்கால். ஈரத் தரையில் அந்த நொடியில் ஸ்டட் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துவிடும். சட்டை அழுக்காகும், கால் தப்பிக்கும்.

எந்தப் புல் என்பதும் முக்கியம். அடியில் தண்டும் வேரும் பாய் பின்னின மாதிரி அடர்ந்து படரும் புல் ஸ்டட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் கருத்து. அப்படிப்பட்ட புல்லுக்கு அவர்கள் சொன்ன உதாரணம், ஆஸ்திரேலியாவில் கௌச் என்று சொல்லப்படும் புல். அது வேற எதுவும் இல்லை, நம்ம அருகம்புல்தான். நம்ம மைதானங்களில் பாதிக்கு மேல் படர்ந்திருப்பது எது என்று நீங்களே சொல்லுங்க.

அப்படியென்றால் என்ன செய்வது? 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜோசப் டார்க் என்ற மருத்துவர் பள்ளி மாணவர்களின் ஃபுட்பால் ஷூவை ஆராய்ந்தார். முக்கால் அங்குல நீளத்தில் ஏழு ஸ்டட் இருந்த ஷூவை, அதில் பாதி நீளத்தில் 14 ஸ்டட் இருந்த ஷூவாக மாற்றியதும் முழங்கால் காயங்கள் குறைந்தன. குட்டையான, எண்ணிக்கையில் அதிகமான ஸ்டட் என்பதுதான் இன்றைக்கும் காய்ந்த தரைக்கான பதில். கூடவே வடிவத்தையும் பாருங்க. வட்டமான ஸ்டட் தரையில் சுழன்று கொடுக்கும். கத்தி மாதிரி நீளவாக்கில் இருக்கும் ஸ்டட் நேராக ஓட நல்லது, ஆனால் சட்டென்று திரும்பும்போது அவ்வளவு எளிதாகச் சுழலாது. காய்ந்த அருகம்புல்லில் வட்டத்தையே எடுப்பது நல்லது.

கிரிக்கெட்டில் கதை வேற

"ஃபுட்பால் சரி, கிரிக்கெட்ல காய்ஞ்ச பிட்ச்லதானே பவுலர் இரும்பு ஸ்பைக் போடுறாங்க?" நியாயமான கேள்வி. காரணம் முனையின் அளவு. ஃபுட்பால் ஸ்டட்டின் முனை காசு மாதிரி அகலம், கிரிக்கெட் ஸ்பைக்கின் முனை ஆணி மாதிரி, 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். வேகப்பந்து வீச்சாளர் பந்தை விடும்போது முன்காலில் விழும் விசை அவர் உடல் எடையைப் போல ஐந்து மடங்கைத் தாண்டும். 70 கிலோ ஆள் என்றால் 350 கிலோ, அதுவும் சில ஆணி முனைகளில். உருளை போட்டு இறுக்கிய களிமண் பிட்ச்சானாலும் அது இறங்கிவிடும். முன்கால் அங்கே நின்றால்தான் உடம்பு அதன் மேல் சுழன்று வேகம் வரும். வழுக்கினால் தொடை இடுக்குத் தசை கிழியும். ஈரமான நாளில் பவுலர் கால் விழும் குழியில் மரத்தூள் கொட்டுவதும் இதனால்தான்.

ஆனால் இந்த 350 கிலோ கணக்கு மண் பிட்ச்சில்தான் செல்லும். நம்ம பக்கத்தில் பல மைதானங்களில் இருப்பது சிமெண்ட் பிட்ச், அதன் மேல் மேட். ஸ்பைக் மேட்டைக் குத்திக்கொண்டு போய் சிமெண்ட்டில் முட்டும். அதற்கு மேல் இறங்க இடமில்லை. இரும்பும் சிமெண்ட்டும் உரசினால் ஐஸ் மேல் நடப்பது மாதிரிதான். மேட்டும் கிழியும், அதனாலேயே பல இடங்களில் ஸ்பைக் போட்டு வந்தால் உள்ளே விடுவதில்லை. அங்கே ரப்பர் மொட்டு சோல்தான் சரி. டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்கும் அதே.

ஆஃப் ஸ்பைக் என்று ஒன்று கடையில் காட்டுவார்கள். முன்பாதத்தில் ஸ்பைக், குதிகாலில் ரப்பர். பேட்ஸ்மேனுக்கும் ஸ்பின்னருக்கும் அது போதும். வேகப்பந்து வீச்சாளரில் பலர் குதிகாலையே முதலில் ஊன்றுவார்கள், அவர்களுக்குப் பின்னாலும் ஸ்பைக் வேண்டும். அதேபோல, மழை பெய்து அவுட்ஃபீல்ட் ஈரமாக இருக்கும் நாளில் ரப்பர் சோல் போட்டு பவுண்டரியில் ஃபீல்டிங் நிற்பது ஆபத்து. பந்தைத் துரத்தி நிற்க முயலும் இடத்தில்தான் ஆள் சறுக்குவார்.

ஸ்பைக் பிட்ச்சுக்குச் செய்யும் சேதத்துக்கு விதியே இருக்கிறது. ரெண்டு கிரீஸிலிருந்தும் ஐந்தடி முன்னால் தொடங்கி, நடு ஸ்டம்பிலிருந்து இந்தப் பக்கம் ஓரடி, அந்தப் பக்கம் ஓரடி. இந்த நீள்சதுரத்துக்குள் பவுலர் ஓடக் கூடாது. முதல் தடவை எச்சரிக்கை, ரெண்டாவது கடைசி எச்சரிக்கை, மூணாவது தடவை அந்த இன்னிங்ஸில் அவர் பந்து போட முடியாது. அதற்கு வெளியே விழும் ஸ்பைக் தடத்தைத் தடுக்க முடியாது. வலதுகை வேகப்பந்து வீச்சாளர்கள் கிளறிவிட்ட அந்த இடத்தில் பந்தைப் போட்டு, இடதுகை பேட்ஸ்மேன்களை நம்ம அஸ்வின் எத்தனை தடவை திணறடித்திருக்கிறார் என்பது சேப்பாக்கத்தில் மேட்ச் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சாவியை வைத்துப் பாருங்க

சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் நிற்கிறோம். எதைப் போடுவது? பைக் சாவியை எடுங்க. பிட்ச் ரிப்போர்ட்டில் கமெண்டேட்டர்கள் செய்வதைப் போல, புல் இருக்கும் ரெண்டு மூணு இடத்தில் கட்டைவிரலால் அழுத்திக் குத்திப் பாருங்க. கொஞ்சம்கூட இறங்கவில்லையா, ரப்பர் மொட்டு டிஎஃப். பாதி இறங்கி நிற்கிறதா, எஃப்ஜி. வெண்ணெயில் இறங்குவது போல முழுசாகப் போய், எடுக்கும்போது குழியில் தண்ணீர் ஊறுகிறதா, அப்போதுதான் எஸ்ஜி. நடுவிலும் ஓரத்திலும் வேற வேற மாதிரி இருந்தால் கெட்டியான இடத்தை வைத்து முடிவெடுங்க. வழுக்குவதைப் பார்த்து ஓடலாம், பூட்டிக்கொள்வதைப் பார்த்து ஓட முடியாது.

நம்ம ஊர் மண்ணில் மழைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. களிமண் ஸ்டட்டுகளுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் இடைவெளி முழுக்க அடைத்து, ஸ்டட் இருக்கிற இடமே தெரியாமல் தட்டை சோல் ஆகிவிடும். ஷூ கனக்க ஆரம்பித்ததுமே இதைச் சந்தேகப்படுங்க. டிஎஃப் சோல் இந்த விஷயத்தில் ரொம்ப மோசம், மொட்டுகளுக்கு நடுவில் இடைவெளியே கிடையாது. ஒரு குச்சியைக் கோட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு, பந்து வெளியே போகும்போதெல்லாம் சுரண்டிவிட வேண்டியதுதான்.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானங்கள் தனி ரகம். ராத்திரி பத்து மணிக்கு புக் பண்ணி ஆடுகிறவர்கள் எஸ்ஜி-யை வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க, செயற்கைப் புல்லை அது கிழித்துவிடும். எஃப்ஜி போட்டாலும் அந்த நார்களுக்குள் ஸ்டட் மாட்டும், வழுக்கிக் கொடுக்காது. ஏஜி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் டிஎஃப். பெய்த மழை வடியாத டர்ஃபில் மட்டும் டிஎஃப்பும் வழுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால்? என் கருத்து டிஎஃப். இந்தப் பகுதியில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் தரை காய்ந்துதான் கிடக்கிறது, பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். ரெண்டாவது ஜோடிக்குக் காசு சேரும்போது வட்ட ஸ்டட் வைத்த எஃப்ஜி. எஸ்ஜி-யை, நல்லா பராமரிக்கிற புல் மைதானத்தில் வாராவாரம் ஆடுகிறவர்களைத் தவிர மற்றவர்கள் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏற்கெனவே எஸ்ஜி வைத்திருப்பவர்கள் மேட்ச்சுக்கு முன் ஸ்டட்டின் முனையை விரலால் தடவிப் பாருங்க. ரோட்டில் நடந்து தேய்ந்திருந்தால் ஓரம் பிளேடு மாதிரி கூர்ந்திருக்கும், எதிராளியின் கெண்டைக்காலைக் கிழிக்க அது போதும். ஆட்டத்துக்கு முன்னால் ரெஃப்ரி ஷூவைத் திருப்பிக் காட்டச் சொல்வது அதற்காகத்தான். தேய்ந்ததைக் கழற்றிப் புதுசு மாட்டும்போது திருகில் கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் துருப்பிடித்து இறுகிப்போகாது.

மழையில் ஆடிவிட்டு வந்ததும் ஷூவை வெயிலிலோ பைக் சைலன்ஸர் மேலோ காய வைக்காதீங்க. சோலை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகி, முன்பக்கம் வாயைத் திறந்துகொள்ளும். மண்ணைக் கழுவி, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, ஃபேன் காற்றில் வைத்தால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். நடுவில் ஒரு தடவை எழுந்து பேப்பரை மட்டும் மாற்றிவிடுங்க.